படத்தில் வந்த விளம்பரமும் கையால் எழுதிய விண்ணப்பமும்

புனே நகரில் எங்கள் குடியிருப்பில் சென்ற ஆண்டு ஓர் இளம் தம்பதியர் குடிவந்தனர். கணவருக்குப் பணிமாற்றம், மனைவி திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகள் கணக்குப் பிரிவில் பணியாற்றிவிட்டு, அந்த வேலையைத் துறந்து உடன் வந்தவர். வந்து ஏழு மாதங்கள் ஆகியும் அவருக்கு வேலை அமையவில்லை. ஒருவர் சம்பளத்தில் வாடகையும் வீட்டுக்கடன் தவணையும் போக மாதக் கடைசி இழுபறியாகவே இருந்தது.

ஒரு புதன்கிழமை மாலை அவர் தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். அதில் ஒரு நிழற்படம். யாரோ செய்தித்தாளிலிருந்து எடுத்து, யாரோ வெட்டி, பலர் கை மாறி அவருக்கு வந்து சேர்ந்திருந்தது. ஒரு கூட்டுறவுக் கடன் சங்கம் கணக்கர் வேண்டும் என்று மராட்டியில் கொடுத்த விளம்பரம் அது.

"எனக்குப் பொருந்தாது மாமா. ஒன்பது இடம் காலியாக இருக்கிறது, ஆனால் எட்டு வருட அனுபவம் கேட்கிறார்கள். வயதும் முப்பத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டுமாம்" என்றார்.

அவருக்கு வயது 31. பள்ளி நாள்களில் தட்சிண பாரத இந்தி பிரசார சபையின் ராஷ்ட்ரபாஷா தேர்வு வரை எழுதியவர். எனவே எழுத்துக்கூட்டிப் படிப்பதில் அவருக்குத் தடையில்லை. ஆயினும் அவர் சொன்ன மூன்று செய்திகளுமே தவறு. அந்தப் படத்தில் இருந்தது ஒரே ஓர் இடம். கேட்டது நான்கு ஆண்டு அனுபவம். வயதோ 35க்கு மேற்படாமல் இருக்க வேண்டும். அதாவது அவருக்கெனவே எழுதியது போன்ற விளம்பரத்தை, தமக்கு உரியதன்று என்று ஒதுக்க இருந்தார்.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்களுக்கு இத்தகைய படங்கள் நாள்தோறும் வருகின்றன. விண்ணப்பக் கடிதம் எழுதுவது எப்படி என்று சொல்லித்தரப் பலர் உண்டு. ஆனால் விளம்பரத்தைச் சரியாகப் படிக்காமல் எழுதிய கடிதம், எவ்வளவு அழகாக இருந்தாலும், வேறு ஏதோ வேலைக்கு எழுதிய கடிதமே ஆகும். அந்தப் பெண்மணியின் கடிதம் உருவான மூன்று நாள்களை, இந்தக் காரணத்தினாலேயே, சற்று விரிவாகச் சொல்ல விழைகிறேன்.

எண்களுக்கு ஒரு திறவுகோல்

மராட்டி விளம்பரங்களில் எண்களைப் பெரும்பாலும் தேவநாகரி வடிவிலேயே அச்சிடுகிறார்கள். இந்தி கற்றவர்களுக்கும் இது பழக்கமில்லாமல் போவதற்குக் காரணம் உண்டு. அரசியலமைப்பின் 343ஆவது பிரிவு, ஒன்றிய அரசின் அலுவல்களுக்கு நாம் வழக்கமாக எழுதும் சர்வதேச வடிவ எண்களையே விதித்திருக்கிறது. ஆகவே வங்கிப் படிவத்திலும் இரயில் சீட்டிலும் எழுத்து இந்தியாக இருந்தாலும் எண் நமக்குத் தெரிந்ததாகவே இருக்கும். மராட்டி நாளிதழைத் திறந்தால்தான் சிக்கல் தெரியும்.

தேவநாகரியின் 1 நம் கண்ணுக்கு 9 போலத் தோன்றும். அதன் 4, மேல் முனை திறந்த 8 போல இருக்கும். மங்கிய நிழற்படத்தில் அந்தத் திறப்பும் மூடிக்கொள்ள, அசல் 8 என்றே படித்துவிடுவோம். ஓர் இடம் ஒன்பதாகவும் நான்காண்டு எட்டாண்டாகவும் ஆனது இப்படித்தான்.

இதைக் கண்டுபிடிக்க விளம்பரத்திலேயே ஒரு திறவுகோல் இருந்தது. முகவரியின் இறுதியில் உள்ள அஞ்சல் குறியீட்டு எண்ணை அவரிடம் படிக்கச் சொன்னேன். "எட்டு, ஒன்பது, ஒன்பது..." என்று தொடங்கினார். புனே நகரத்தின் குறியீட்டு எண்கள் 411 என்று தொடங்குபவை. எட்டில் தொடங்குபவை பீகார், ஜார்க்கண்ட் பக்கத்தவை. வீட்டு மின்கட்டணச் சீட்டில் தினமும் காணும் எண் அது. சொன்னவுடன் அவரே சிரித்துவிட்டு, எட்டு என்று படித்ததையெல்லாம் நான்காகவும் ஒன்பது என்று படித்ததையெல்லாம் ஒன்றாகவும் திருத்திக்கொண்டார்.

நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் இந்த வழி உதவும். முன்பே உறுதியாகத் தெரிந்த எண் ஒன்றை அதே படத்தில் தேடிப் பிடித்தால், மற்ற எண்களை அதைக் கொண்டு சரிபார்க்கலாம். கைப்பேசி எண்ணுக்கும் ஒரு சோதனை உண்டு. நம் நாட்டுக் கைப்பேசி எண்கள் பத்து இலக்கம் கொண்டவை; 6, 7, 8, 9 ஆகிய நான்கில் ஒன்றில் தொடங்குபவை. படித்த எண் 1இலோ 4இலோ தொடங்கினால் படித்ததில் பிழை. ஒன்பது இலக்கமே இருந்தால் படத்தின் ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது.

ஒரே எழுத்து, வேறு மொழி

வயது பற்றிய பிழை எண்ணால் வந்ததன்று. அனுபவத்துக்கு எதிரே 'கிமான்' என்றும் வயதுக்கு எதிரே 'கமால்' என்றும் அச்சாகியிருந்தது. மராட்டியில் கிமான் என்றால் குறைந்த அளவு, கமால் என்றால் உச்ச அளவு. இந்தியில் கமால் என்ற சொல்லுக்கு வியப்பு என்றுதான் பொருள் என்பதால் அவர் அதைப் பொருட்படுத்தாமல், இரண்டும் ஒரே சொல்லின் மங்கலான அச்சு என்று எண்ணிவிட்டார். இந்தியும் மராட்டியும் ஒரே எழுத்தில் எழுதப்படுவதால் வரும் இடர் இது. எழுத்து தெரிந்தால் மொழி தெரிந்தது போன்ற மயக்கம் உண்டாகிறது.

எந்த மொழி என்று முதலில் உறுதிசெய்ய எளிய அடையாளங்கள் உள்ளன. வேண்டும் என்பதற்கு இந்தி விளம்பரம் 'சாஹியே' என்னும். மராட்டி விளம்பரம் 'பாஹிஜே' என்னும். ஆண்டு என்பதைக் குறிக்க 'வர்ஷே' என்றும், சங்கத்தைக் குறிக்க 'பத்சன்ஸ்தா' என்றும் இருந்தால் அது மராட்டியே. அந்தச் சங்கத்தின் பெயருக்குப் பின்னால் 'மர்யாதித்' என்று இருந்தது. மரியாதைக்குரிய என்று நாம் எண்ணிக்கொள்வோம். பொருள், வரையறுக்கப்பட்டது என்பதுதான். ஆங்கிலத்தில் லிமிடெட் என்று எழுதும் அதே சொல்.

நான் செய்த பிழை

இவ்வளவும் சொல்லித்தந்த நானே அடுத்த வரியில் சறுக்கினேன். 'அர்ஜ ஸ்வஹஸ்தாக்ஷராத்' என்று ஒரு தொடர் இருந்தது. அர்ஜ என்பது விண்ணப்பம். நம் ஊரில் பழைய தலைமுறையினர் அர்ஜி என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். ஹஸ்தாக்ஷர் என்றால் இந்தியில் கையொப்பம். காசோலைகளிலும் படிவங்களிலும் எத்தனையோ முறை பார்த்த சொல். "விண்ணப்பத்தில் உங்கள் கையெழுத்து இருக்க வேண்டும் என்கிறார்கள்" என்று சொல்லிவிட்டேன். அவரும் இரவே கணினியில் ஒரு கடிதத்தைத் தட்டச்சுச் செய்து, அச்செடுத்து, கீழே கையொப்பமிட்டுக் காலையில் கொண்டுவந்தார்.

நல்ல வேளையாக, மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற மராட்டி ஆசிரியை அப்போது வந்திருந்தார். குடியிருப்பில் அனைவருக்கும் அவர் காக்கூ, அதாவது சித்தி. விளம்பரத்தையும் கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதை ஏன் அச்சடித்தாய்? கையால் எழுதச் சொல்லியிருக்கிறார்களே" என்றார்.

மராட்டியில் ஹஸ்தாக்ஷர் என்றால் கையால் எழுதும் எழுத்து. கையொப்பத்துக்கு அங்கே 'ஸஹி' என்றும் 'ஸ்வாக்ஷரி' என்றும் வேறு சொற்கள் உள்ளன. நம் தமிழிலோ இரண்டையும் கையெழுத்து என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். "அவன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்" என்பதும் கையெழுத்துதான். "இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்பதும் கையெழுத்துதான். தமிழ்ச் சொல்லும் இடம்கொடுத்தது, இந்திச் சொல்லும் துணைநின்றது. பிழை தெரியவே வாய்ப்பில்லாமல் போயிற்று.

அதே வரியில் சான்றிதழ்களைப் பற்றி 'ஸ்வஸாக்ஷாங்கித்' என்ற சொல் இருந்தது. அதற்குப் பொருள், நகல்களில் விண்ணப்பதாரரே கையொப்பமிட்டுச் சான்றளிப்பது. கையொப்பம் கேட்ட இடம் அது; கையால் எழுதக் கேட்ட இடம் வேறு. கணக்குப் புத்தகம் எழுதும் வேலைக்கு எண்களும் எழுத்துகளும் தெளிவாக விழுகின்றனவா என்று பார்க்க விரும்பும் சங்கம், தட்டச்சுச் செய்த கடிதத்தை மற்றவற்றோடு சேர்த்துப் படித்திருக்குமா என்பது ஐயமே.

கெடு எந்த நாளில் முடிகிறது?

கடைசி வரி, விளம்பரம் வெளியான நாளிலிருந்து எட்டு நாள்களுக்குள் விண்ணப்பம் வந்து சேர வேண்டும் என்றது. இங்கே அச்சாகியிருந்தது உண்மையான எட்டு. தேவநாகரியின் எட்டு நம் எட்டைப் போலவே இராது. ஒரு திறந்த வளைவாக இருக்கும். இதையும் காக்கூதான் உறுதிசெய்தார்.

ஆனால் விளம்பரம் என்று வெளியானது? படத்தை வெட்டியவர் நாளிதழின் மேற்பகுதியை விட்டுவிட்டார். கைப்பேசியில் காணும் தேதி, படம் நமக்கு வந்த தேதிதானே தவிர அச்சான தேதியன்று. அனுப்பியவரைக் கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. வியாழக்கிழமை காலை அந்தப் பெண்மணி அருகிலுள்ள வாசகசாலைக்குச் சென்று, அந்த வார நாளிதழ்களைப் புரட்டினார். ஞாயிற்றுக்கிழமை இதழில் விளம்பரம் முழுதாகக் கிடைத்தது. படத்தில் வெட்டுப்பட்டிருந்த அலுவலக நேரமும் அங்கே இருந்தது.

இத்தகைய கெடுவைக் கணக்கிடும்போது வெளியான நாளையே முதல் நாளாக எண்ணிக்கொள்வது பாதுகாப்பு. ஞாயிறு முதல் நாள் என்றால் எட்டாம் நாள் அடுத்த ஞாயிறு. அன்று அலுவலகம் திறந்திராது. ஆகவே சனிக்கிழமையே உண்மையான கடைசி நாள். 'வந்து சேர வேண்டும்' என்பது 'அனுப்ப வேண்டும்' என்பதிலிருந்து வேறுபட்டது என்பதையும் மறக்கலாகாது. வெள்ளிக்கிழமை விரைவஞ்சலில் சேர்த்தால் சனிக்கிழமை போய்ச் சேரும் என்பதற்கு உறுதியில்லை. நேரில் கொடுப்பது என்று முடிவாயிற்று.

கடிதம் திருந்திய விதம்

தட்டச்சுச் செய்த முதல் கடிதத்தில் தாம் கடின உழைப்பாளி, பொறுப்பு மிக்கவர், குழுவாகச் செயல்படுபவர் என்று ஒரு பத்தி இருந்தது. எட்டாண்டு அனுபவம் இல்லாததற்கு மன்னிப்புக் கோரும் ஒரு வரியை எழுதிப் பின் அடித்திருந்தார். இந்தி நன்றாகத் தெரியும் என்று ஒரு வரி. விளம்பரம் கேட்ட எதற்கும் அதில் நேரான விடை இல்லை.

காக்கூ ஒரு தாளை எடுத்து இரண்டு பத்தியாகக் கோடிட்டார். இடப்பக்கம் விளம்பரத்தின் ஒவ்வொரு நிபந்தனை. வலப்பக்கம் அதற்கு விடை. அப்போது மொழி பற்றிய வரி தெளிவாயிற்று. வணிகவியல் பட்டமும் டேலி அனுபவமும் 'ஆவஷ்யக்', அதாவது கட்டாயம். மராட்டித் தட்டச்சுக்கு எதிரே இருந்ததோ 'அஸல்யாஸ் ப்ராதான்ய'. இருந்தால் முன்னுரிமை என்று பொருள். இல்லாவிட்டாலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்த இடத்தில் இந்தி தெரியும் என்று எழுதுவது, கேட்டதற்கு விடையாகாது. தெரியாது என்பதை மறைக்காமல், தெரிந்த அளவைச் சொல்வதே முறை.

எந்த மொழியில் எழுதுவது என்ற கேள்வியும் எழுந்தது. மராட்டியில் முழுக் கடிதத்தையும் காக்கூவே சொல்லித்தந்திருக்க முடியும். அவர் மறுத்துவிட்டார். கடிதத்தில் சரளமான மராட்டியைக் கண்டு நேர்முகத்துக்கு அழைப்பவர்கள், அதே மராட்டியில்தான் பேசத் தொடங்குவார்கள். முதல் கேள்வியிலேயே கடிதம் பொய்யாகிவிடும். எனவே உடல் ஆங்கிலத்தில். முகப்பும் முடிவும் மட்டும் மராட்டி மரபில். இந்திக் கடிதம் 'சேவா மே' என்று தொடங்கும். மராட்டிக் கடிதம் 'ப்ரதி' என்று தொடங்கி, 'விஷய்' என்று பொருளைச் சொல்லும். முடிவில் பெண் எழுதினால் 'ஆப்லீ விஷ்வாஸூ'; ஆண் எழுதினால் 'ஆப்லா'. இந்த நான்கைந்து சொற்களை அந்தப் பெண்மணி தாமே எழுதப் பழகிக்கொண்டார்.

அவர் கோடிட்ட வெள்ளைத் தாளில் நீல மையால் எழுதிய கடிதத்தின் தமிழாக்கம் இது:

*பெறுநர்: மேலாளர் அவர்கள்.*

*பொருள்: கணக்கர் பணியிடத்துக்கு விண்ணப்பம் (ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் வெளியான விளம்பரம்).*

*ஐயா, தங்கள் விளம்பரத்தைக் கண்டு இந்த விண்ணப்பத்தை என் கையால் எழுதி அளிக்கிறேன். நான் வணிகவியல் பட்டதாரி; வயது 31. தாங்கள் கோரிய நான்கு ஆண்டு அனுபவத்துக்கு, திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகள் கணக்குப் பிரிவில் பணியாற்றியுள்ளேன். அங்கே டேலியில் அன்றாடப் பதிவுகள், மாதந்தோறும் வங்கிக் கணக்கு ஒத்திசைவு, சரக்கு மற்றும் சேவை வரிப் படிவங்களுக்கான கணக்குகளைத் தயாரித்தல் ஆகியன என் பொறுப்பில் இருந்தன.*

*கூட்டுறவுச் சங்கக் கணக்குகளில் எனக்கு நேரடி அனுபவம் இல்லை. ரொக்கப் புத்தகமும் பேரேடும் எழுதிப் பழக்கமுண்டு. தேவநாகரி எழுத்தைப் படிக்கவும் எழுதவும் அறிவேன். மராட்டியைப் பேசினால் ஓரளவு புரிந்துகொள்கிறேன், இப்போது கற்று வருகிறேன். மராட்டித் தட்டச்சு தெரியாது.*

*என் கணவரின் பணிமாற்றத்தால் ஏழு மாதங்களுக்கு முன் முந்தைய வேலையிலிருந்து விலகிப் புனேவில் குடியேறினேன். உடனே பணியில் சேர இயலும். நானே சான்றளித்த நகல்களை இணைத்துள்ளேன்.*

ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது. தகுதி, அனுபவம், மொழி, இடைவெளிக்குக் காரணம், சேரக்கூடிய நாள் என்று விளம்பரம் எழுப்பும் கேள்விகளுக்கு அதே வரிசையில் விடை இருக்கிறது. இல்லாதவை இரண்டும் மறைக்கப்படவில்லை. அடித்தல் திருத்தல் விழாமல் எழுத மூன்று தாள்கள் செலவாயின.

கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை

படமாக வரும் விளம்பரத்தில் இன்னோர் ஆபத்தும் உண்டு. உண்மையான விளம்பரத்தின் படத்திலேயே தொலைபேசி எண்ணை மட்டும் மாற்றிப் பரப்புவது கடினமான செயலன்று. அந்த எண்ணை அழைத்தால் பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், காப்புத்தொகை என்று ஏதேனும் ஒரு பெயரில் பணம் கேட்பார்கள். சிலர் சம்பளக் கணக்குத் தொடங்குவதாகச் சொல்லி ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கேட்பார்கள். வேலை தருபவர் விண்ணப்பதாரரிடம் பணம் கேட்கத் தொடங்கினாலே விலகிவிட வேண்டும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கும் தங்கள் வங்கிக் கிளைக்கும் தெரிவிக்க வேண்டும். வாசகசாலையில் அச்சு இதழைப் பார்த்தது இந்த வகையிலும் பயன்பட்டது. படத்திலிருந்த எண்ணும் இதழிலிருந்த எண்ணும் ஒன்றே என்று தெரிந்தது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அவர் சங்க அலுவலகத்துக்குச் சென்றார். கடிதத்தின் நகல் ஒன்றையும் உடன் கொண்டுபோகச் சொல்லியிருந்தார் காக்கூ. அசலைக் கொடுத்துவிட்டு, நகலில் 'போச்' கேட்க வேண்டும். பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக முத்திரையும் தேதியும் இடுவதற்கு அங்கே வழங்கும் சொல் அது. முகப்பில் இருந்த ஊழியர் உறையைப் பிரித்து, முதலில் ஒரு முறை தாளைத் தூரப் பிடித்து எழுத்தைப் பார்த்தாராம். பிறகுதான் படித்தாராம்.

பத்து நாள் கழித்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. அங்கே அவருக்கு ஒரு பக்க ரொக்கப் புத்தகத்தைக் கையால் எழுதித் தொகை போடக் கொடுத்தார்கள். எண்களைத் தேவநாகரியில் எழுதலாமா என்று அவர் கேட்டாராம். "உங்களுக்குத் தெரியுமா?" என்று வியந்தார் மேலாளர். அந்த ஒரு வாரத்தில் பழகியதுதான் என்று உள்ளதைச் சொன்னதாக வீடு திரும்பியதும் எங்களிடம் கூறினார். அடுத்த மாதம் முதல் தேதி அவர் வேலையில் சேர்ந்தார். அவர் எழுதும் நான்கு இப்போது மேல் முனை திறந்த எட்டாகவே இருக்கிறது.